நரம்பு மண்டலமும் அனிச்சை வில்லும்: பத்தாம் வகுப்புப் பயிற்சித்தாள்

நேரம்: 40 நிமிடங்கள். மதிப்பெண்: 20

பகுதி அ: ஒரு வரியில் விடை எழுதுக (4 × 1 = 4)

1. மனிதனில் மூளை நரம்புகள், தண்டுவட நரம்புகள் எத்தனை இணைகள்?
2. மூளை உறைகளுள் வெளிப்புறம் அமைந்தது எது?
3. ஆக்சானில் மையலின் உறை இல்லாத இடைவெளியின் பெயர் என்ன?
4. சுவாசத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி எது?

பகுதி ஆ: ஒரு மாணவி சூடான தோசைக்கல்லை விரலால் தொட்டுவிடுகிறாள். தூண்டல் செல்லும் பாதை இதோ.

தூண்டல்: சூடு
↓
(1) உணர்வேற்பி: விரல் தோலின் நரம்பு நுனி
↓
(2) உணர்ச்சி நியூரான்: முதுகுப்புற வேர் வழியே உள்ளே
↓ சினாப்ஸ்
(3) இணைப்பு நியூரான்: தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதி → ஒரு கிளைப்பாதை மூளைக்கு
↓ சினாப்ஸ்
(4) இயக்க நியூரான்: வயிற்றுப்புற வேர் வழியே வெளியே
↓ அசிட்டைல்கோலின்
(5) செயல்படு உறுப்பு: பைசெப்ஸ் தசை சுருங்கி, கை மடங்குகிறது

5. தூண்டல் (4)-இலிருந்து (3)-க்குத் திரும்பிச் செல்லாதது ஏன்? (3)
6. கை விலகிய பிறகுதான் அவள் “ஆ!” என்கிறாள். காரணம் கூறுக. (3)
7. ஒருவருக்கு அந்தக் கைக்குரிய வயிற்றுப்புற வேர்கள் மட்டும் சேதமடைந்துள்ளன. சூடு தெரியுமா? கை விலகுமா? (4)
8. முழங்கால் உதறலுக்கு இதேபோல் பாதை வரைக. ஒரு கட்டம் குறையும், எது? (6)

விடைக்குறிப்பு

1. 12, 31. 2. டியூரா மேட்டர். 3. ரேன்வியர் கணு. 4. முகுளம்.

5. நரம்புணர்வு கடத்தி சினாப்சின் ஒரு பக்கத்தில்தான் வெளியாகிறது. அதை ஏற்கும் புரதங்கள் மறுபக்கத்தில் உள்ளன. “ஒருவழிப் பாதை” என்று மட்டும் எழுதினால் ஒரு மதிப்பெண்தான். அது காரணம் அன்று.

6. கையை இழுக்கும் கட்டளை தண்டுவடத்திலேயே பிறக்கிறது. வலிச் செய்தி பெருமூளை வரை ஏறிச் சென்ற பிறகே வலி உணரப்படுகிறது. மேலும், வலியைக் கடத்தும் இழைகளுள் மையலின் இல்லாத மெல்லியவையும் உண்டு. அவை மெதுவாகவே கடத்தும். “மூளைக்குச் செய்தியே போவதில்லை” என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. செய்தி போகிறது, தாமதமாக.

7. சூடு தெரியும், முதுகுப்புற வேர் நலமாக உள்ளது. கை விலகாது, தசைக்குக் கட்டளை எட்டாது. காரணம் எழுதாத “ஆம், இல்லை”க்குப் பாதி மதிப்பெண்.

8. சக்கரச்சில்லின் கீழுள்ள தசைநாணில் தட்டல் → தொடையின் முன்தசை நீள்கிறது → தசைக்கதிர் (உணர்வேற்பி) → உணர்ச்சி நியூரான் → தண்டுவடம் (ஒரே சினாப்ஸ்) → இயக்க நியூரான் → அதே முன்தசை சுருங்கிக் கால் உதறுகிறது. குறையும் கட்டம் இணைப்பு நியூரான். உணர்வேற்பி தோலில் இருப்பதாக வரைந்தால் ஒரு மதிப்பெண் குறையும். பின்தொடைத் தசையைத் தளர்த்தும் கிளையில் இணைப்பு நியூரான் உண்டு என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிட வேண்டாம். அவர் எழுதியது சரி.