பணி விவரம்: பால் கொள்முதல் கள மேற்பார்வையாளர், செஞ்சி தடம்

இது எங்கள் தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட பணி விவரத்தின் தமிழ் வடிவம். வேலைக்குத் தேர்வாகிறவர்களின் நியமன ஆணையோடு இதையும் இணைத்துத் தருவோம். ஆங்கில விவரத்துக்கு உள்ள மதிப்பு இதற்கும் உண்டு. வீட்டுக்கு எடுத்துச் சென்று, பெரியவர்களோடு கலந்து பேசிவிட்டு வாருங்கள்.

எந்த ஊர்கள், எந்த நேரம்

வல்லம், அவலூர்பேட்டை, மேல்மலையனூர் சுற்றுவட்டாரத்தில் உள்ள 12 பால் சேகரிப்பு மையங்கள் உங்கள் பொறுப்பில் இருக்கும். பால் காலை ஐந்தரை மணி முதல் ஏழரை வரையும், மாலை நான்கு முதல் ஆறு வரையும் வரும். வேலையின் பெரும்பகுதி இந்த இரண்டு வேளைகளில்தான். நடுப்பகல் உங்களுக்கு ஓய்வு. கறவைக்கு விடுமுறை கிடையாது என்பதால் வார விடுமுறையை முறைவைத்துத் தருகிறோம். பொங்கல், தீபாவளி நாட்களிலும் யாராவது ஒருவர் தடத்தில் இருந்தாக வேண்டும். விடியற்காலையில் எழுந்து வண்டி ஓட்டுவது உங்கள் உடலுக்கு ஒத்துவருமா என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலை என்ன

மாதிரி எடுப்பதும் அதைச் சோதிப்பதும்தான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. விவசாயிக்குக் கிடைக்கும் விலை, பாலில் உள்ள கொழுப்பையும் இதர சத்தையும் பொறுத்தது. பரிசோதனைக் கருவியின் திரையில் FAT, SNF என்று வரும் இரண்டு எண்களே அன்றைய பாலின் விலை. கறந்து சிறிது நேரம் நின்ற பாலில் கொழுப்பு மேலே மிதக்கும். கலக்காமல் மேலாக மொண்டால் எண் கூடிவிடும், அடியிலிருந்து எடுத்தால் குறைந்துவிடும். ஆகவே கலக்கியை அடிவரை இறக்கிப் பலமுறை மேலும் கீழும் இழுத்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். மாதிரியில் நுரை இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும். நுரை அடங்கும்வரை காத்திருங்கள். வரிசையில் இருபது பேர் நின்று அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த எண் மளிகைக் கணக்கு.

எல்லா மையத்திலும் எல்லா நாளும் நீங்களே சோதிக்க முடியாது. அதை அந்தந்த மையத்தின் முகவர் செய்வார். முன்னறிவிப்பில்லாமல் ஒரு மையத்துக்குப் போய், அவர் சோதித்த அதே பாலை மறுபடி சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை. எண் வேறுபட்டால் கருவியைக் கழுவிச் சரிபார்த்து, விவசாயியின் கண் முன்னே மூன்றாம் முறை சோதியுங்கள். சீட்டில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். எடை மேடையில் முத்திரை ஆய்வாளர் இட்ட முத்திரை காலாவதியாகியிருந்தால் அன்றே எழுதி அனுப்புங்கள்.

கலப்படச் சோதனையும் உங்களுடையதே. மாவு கலந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், பாலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அயோடின் கரைசல் சில துளிகள் விட வேண்டும். நீலம் பாய்ந்தால் மாவு இருக்கிறது. தண்ணீர், சர்க்கரை, யூரியா ஆகியவற்றுக்கான சோதனைகளைப் பயிற்சியில் கற்றுத்தருவோம். பிடிபட்டாலும் ஊர் நடுவே யாரையும் திருடன் என்று சொல்லக் கூடாது. பாலைத் திருப்பிக் கொடுத்து, காரணத்தைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கேன்கள் குளிர்விப்பு நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அங்கே பாலை 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கிறோம். வண்டி பழுதானால் மாற்று வண்டிக்கு நிலையத்தை உடனே அழையுங்கள். கோடையில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பாலைக் கெடுக்கும்.

பத்து நாளுக்கொரு முறை விவசாயிகளின் வங்கிக் கணக்கில் பால் பணம் வரும். வராதவர்களின் பட்டியலை எடுத்து, காரணம் கண்டு சொல்வது உங்கள் கடமை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கால்நடை மருத்துவர் சொன்ன நாள்வரை ஊற்றக் கூடாது என்பதையும், கோமாரி நோய்த் தடுப்பூசி முகாம் நாட்களையும் வீடு வீடாகத் தெரிவிக்க வேண்டும்.

ஆங்கில விவரத்தில் ‘அவ்வப்போது ஒப்படைக்கப்படும் பிற பணிகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. இந்தத் தடத்தில் அதற்குள் அடங்குபவை மூன்று: புதிய மையம் திறக்க இடம் பார்ப்பது, விடுப்பில் இருக்கும் பக்கத்துத் தட மேற்பார்வையாளரின் வேலையை மாதத்தில் அதிகபட்சம் நான்கு நாள் பார்ப்பது, முகாம்களில் உதவுவது. தீவனம் விற்பதும் கடன் வசூலிப்பதும் உங்கள் வேலை அல்ல. நம் தீவனத்தை வாங்காதவரின் பாலை மறுக்கும்படி யார் சொன்னாலும் செய்யக் கூடாது.

யாருக்குக் கீழ், யாருக்குப் பதில்

உங்கள் நேரடி மேலதிகாரி செஞ்சி குளிர்விப்பு நிலையப் பொறுப்பாளர். அன்றாட வேலை, விடுப்பு, பயணப்படி, ஆண்டு மதிப்பீடு எல்லாம் அவரிடம். அவருக்கு மேல் திண்டிவனத்தில் மண்டலக் கொள்முதல் மேலாளர் இருக்கிறார். பொறுப்பாளர் மூன்று நாளில் தீர்க்காத சிக்கலை நீங்களே மண்டல மேலாளரிடம் கொண்டுபோகலாம். அதை மீறலாகக் கருத மாட்டோம்.

சோதனை முடிவுகளில் மட்டும் வழி வேறு. அவற்றைத் தினமும் தரக்கட்டுப்பாட்டு அலுவலருக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். அவர் கொள்முதல் பிரிவுக்குக் கீழ்ப்பட்டவர் அல்ல. அவரால் உங்களுக்கு விடுப்பு தரவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் ஒரு கேன் பாலை ஏற்பதா தள்ளுவதா என்பதில் அவர் சொல்லே முடிவு. கொள்முதல் அளவு குறைகிறது என்று, தள்ளிய பாலை ஏற்கும்படி பொறுப்பாளர் சொன்னால், ‘தரப்பிரிவின் அனுமதி வேண்டும்’ என்று நீங்கள் மறுக்கலாம். மறுத்ததற்காக மதிப்பீட்டில் குறைக்க முடியாது. நல்ல பாலைத் தள்ளச் சொன்னாலும் இதே விதிதான்.

12 முகவர்களும் உங்கள் மேற்பார்வையில் இருப்பவர்கள், உங்கள் ஊழியர்கள் அல்லர். அவர்களை நீக்கவோ, கமிஷனைப் பிடிக்கவோ உங்களுக்கு அதிகாரமில்லை. காரணத்தோடு பரிந்துரைக்கலாம். முகவர்களில் பலர் உங்களைவிட மூத்தவர்களாக இருப்பார்கள், மரியாதையோடு பேசுங்கள். நிறுவனத்தின் கால்நடை மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்வீர்கள், ஆனால் அவர் உங்கள் மேலதிகாரி அல்லர்.

மேலதிகாரியைப் பற்றியே புகார் என்றால் மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். பாலியல் தொல்லை குறித்துப் பெண்கள் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவிடம் நேரடியாகப் புகார் தரலாம். பொறுப்பாளர் வழியாகப் போக வேண்டியதில்லை.

சம்பளமும் தகுதியும்

மாதம் 17,500 ரூபாய். இதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 15,000. வருங்கால வைப்பு நிதிக்கு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 132 போக, கைக்கு வருவது 15,568 ரூபாய். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் தனி. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அப்போதும் முழுச் சம்பளம் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம், 18 வயது நிறைவு ஆகியவை கட்டாயம். ஆங்கிலம் தேவையில்லை. மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பெண்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள்: மையத்துக்குப் பால் கொண்டுவருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர்.

ஆள்சேர்ப்பு முகாம் 2026 மார்ச் 14, சனிக்கிழமை காலை 10 மணிக்குச் செஞ்சி குளிர்விப்பு நிலைய வளாகத்தில் நடைபெறும். மதிப்பெண் சான்றிதழ், உரிமம், ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு அசலையும் கொண்டுவாருங்கள். அசலைப் பார்த்ததும் உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். கட்டணமோ முன்பணமோ கிடையாது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், முகாமில் எங்களிடம் சொல்லுங்கள்.