ரொட்டிக்காரர் ஹார்ன்

பினாங்கு, ஆயர் ஈத்தாம் வீட்டில் 2014இல் கைப்பேசியில் எடுத்த பதிவு. பதினோரு நிமிடம். தாத்தாவின் துறைமுக வேலையைப் பற்றி அப்பா பேசுகிறார். மேலே காற்றாடி அவரைவிடச் சத்தமாகப் பேசுகிறது.

அப்பா யோசித்து நின்ற இடத்தில் அரை விநாடியைத் தேர்ந்தெடுத்து, காற்றாடி இரைச்சலைக் குறைக்க அதையே மாதிரியாகக் கணினிக்குக் கொடுத்தான் குமரன். 18 டெசிபல் குறைத்தால் அப்பா தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசினார். சரி, 8 போதும். 50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரத்தைத் தனியாக வெட்டினான். பக்கத்து வீட்டு நாயும் போனது.

நான்காவது நிமிடத்தில் "பாம்... பாம்..." ரொட்டிக்காரர் மோட்டார். அதையும் அழித்துவிட்டுக் கேட்டான்.

"அன்னிக்கு உங்க தாத்தா மூட்டையோட..." என்று அப்பா நிறுத்துகிறார். அமைதி. அப்புறம், எதற்கென்றே தெரியாமல், "பாப்பா, சில்லறை இருக்கா?"

Ctrl+Z.

ஹார்ன் திரும்பி வந்தது. தாத்தாவின் மூட்டைதான் இன்னும் இறங்கவில்லை. அப்பா காயா பன்னோடு வந்து உட்கார்ந்து, வேறு எதையோ ஆரம்பித்துவிட்டார்.

தங்கைக்கு அனுப்பினான். இரவு பதில் வந்தது: "அண்ணே, அந்த ரெண்டு வெள்ளி நான்தான் குடுத்தேன். இன்னும் வரல."