திரைக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள்
(பிரசவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த 14 செவிலியர்களிடம் தலைமை மருத்துவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்களும் வந்து உட்காருங்கள். ஐப்பசி மழையில் நனைந்து வந்திருக்கிறீர்கள், மின்விசிறியை யாராவது குறைத்து வையுங்கள்.

பார்ட்டோகிராஃப் எப்படி வரைவது, ஆக்ஸிடாசினை எந்த அளவில் போடுவது என்றெல்லாம் நான் இன்றைக்குச் சொல்லப்போவதில்லை. எம்.ஆர்.பி. தேர்வு எழுதி வந்தவர்கள் நீங்கள். அதில் இடறினால் நம் நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா பார்த்துக்கொள்வார்கள். நான் பேச வந்தது வேறு. அதை என் பிரசவத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது நான் மகப்பேறு மருத்துவராகி மூன்று வருஷம். வலி எடுத்து ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். ஒரு சிஸ்டர் வந்து, "மேடம், ஒருதடவை பார்த்துரட்டுமா? வலி விட்டதும் சொல்லுங்க" என்றார். கையுறையைப் போட்டுக்கொண்டு நான் தலையாட்டும்வரை நின்றார். பார்த்து முடித்துப் போர்வையை இழுத்து மூடினார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். நடவு வேலைக்குப் போகிறவர் என்று அவருடைய குதிகாலைப் பார்த்தாலே தெரியும். அதே சிஸ்டர், அதே நிமிஷம், கையுறையை மட்டும் மாற்றிக்கொண்டு அங்கே திரும்பி, "காலை விரிடி. கத்தாத. புருசன்கிட்ட போறப்ப இந்தச் சத்தம் வந்துச்சா?" என்றார்.

நான் அந்த சிஸ்டரைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நானே ஒரு பெண்ணைத் தொடையில் அடித்திருக்கிறேன். பத்தொன்பது வயசு இருக்கும். பயத்தில் காலை இறுக்கிக்கொண்டாள், பளாரென்று ஓர் அடி கொடுத்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் ரவுண்ட்ஸ் போனபோது அந்தப் பெண் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் செய்தது சரி என்பதற்கு அந்தக் கும்பிடையே சாட்சியாக வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். "நாலு அடி போட்டாத்தான் முக்குவாங்க" என்று எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

என் பிரசவத்தன்றுதான் எனக்கு விளங்கியது. நமக்கு மரியாதை தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். ஆள் பார்த்துக் கொடுக்கிறோம். சேலையைப் பார்க்கிறோம், ஊர்ப் பெயரைக் கேட்கிறோம், அதில் தெருவைக் கண்டுபிடிக்கிறோம், பிறகு "நீங்க" என்பதா "நீ" என்பதா என்று முடிவு செய்கிறோம். டெல்டாவில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வரப்பில் நின்று கூப்பிடுகிற குரலை லேபர் ரூமுக்குள் கொண்டுவரக் கூடாது. இங்கே எல்லாருக்கும் "நீங்க"தான். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கும் அதுதான். பெயரைக் கேட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "மூணாம் பெட்டு" என்று யாருக்கும் பெயர் வைப்பதில்லை.

அடுத்தது சம்மதம். கேஸ் ஷீட்டில் ஒரு கையெழுத்து இருக்கும். அநேகமாக மாமியாருடையதோ கணவருடையதோ. 108-இல் வந்து இறங்கிய அவசரத்தில், எங்கே போடச் சொன்னார்களோ அங்கே போட்டிருப்பார்கள். அந்தத் தாள் இருந்தால் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கியாயிற்று என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குப் பொருந்தாது என்றது தீர்ப்பு. பெற்ற தாயின் சம்மதமே செல்லாது என்றால் மாமியார் கையெழுத்து எந்த மூலைக்கு?

ஆகவே ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். பெரிய வசனமெல்லாம் வேண்டாம். "கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்குன்னு கைவிட்டுப் பார்க்கணும். கொஞ்சம் அழுத்தமா இருக்கும். வலி விட்டதும் பார்க்கட்டுமா?" இதைச் சொல்லப் பத்து விநாடிகூட ஆகாது. "இப்ப வேணாம்" என்றால் அடுத்த வலி போகட்டும், நில்லுங்கள். பார்த்து முடித்ததும் என்ன தெரிந்தது என்பதை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் தலைக்கு மேலே நாம் ஒருவருக்கொருவர் "ஃபைவ் சென்டிமீட்டர்" என்று பேசிக்கொண்டு போய்விடுகிறோம்.

எத்தனை தடவை பார்ப்பது என்பதும் இதில் சேர்த்திதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி, சிக்கல் இல்லாத பிரசவத்தில் 5 சென்டிமீட்டரில்தான் தீவிர நிலை தொடங்குகிறது. அதற்குப் பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை கைவிட்டுப் பார்த்தால் போதும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் அதில் கைவிட்டுவிட்டார்கள். நம் வார்டில் நடப்பது என்ன? டியூட்டி சிஸ்டர் பார்ப்பார், அடுத்த ஷிஃப்ட் வந்து பார்க்கும், ஹவுஸ் சர்ஜன் பார்ப்பார், பயிற்சிக்கு வந்த மாணவிகள் வரிசையில் நிற்பார்கள். ஒரு பெண்ணை ஒரே இரவில் ஏழு பேர் பார்த்த கேஸ் ஷீட்டை நானே புரட்டியிருக்கிறேன். மாணவிகள் கற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சரி என்றால், ஒருவர் மட்டும். மறுத்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

எபிசியோட்டமி. தலைச்சன் பிரசவம் என்றாலே கத்தரியை எடுப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. தேவை இருந்தால் மட்டும், சொல்லிவிட்டு, லிக்னோகெய்ன் போட்டு அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு. "வலியோட வலியா தெரியாது" என்று மரத்துப்போகும் ஊசி இல்லாமல் வெட்டுவதும் தைப்பதும் இனி இங்கே கிடையாது. மருந்து ஸ்டாக் இல்லையென்றால் நடுராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்கள். வயிற்றின்மேல் ஏறி அழுத்துவதும் கிடையாது. அதற்குக் காரணத்தை நீங்கள் பாடத்திலேயே படித்திருப்பீர்கள்.

காப்பர் டி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நஞ்சுக்கொடி விழுந்த கையோடு போட்டுவிட்டு, "உன் நல்லதுக்குத்தான்" என்று மறுநாள் சொல்வது, அதையும் சிலரிடம் சொல்லாமலே அனுப்புவது, இந்த மாவட்டங்களில் யாருக்கும் தெரியாத கதை இல்லை. நல்ல சாதனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உச்சக்கட்ட வலியில் இருப்பவரிடம் "போட்டுரலாமா" என்று கேட்டால் அவர் எதற்கும் "சரி" என்றுதான் சொல்வார். அது சம்மதம் ஆகாது. மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே பேசுங்கள். அப்போது விட்டுப்போயிருந்தால், பிரசவம் முடிந்து அவர் நிதானமானதும் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ள வழி இருக்கிறதே, என்ன அவசரம்? டார்கெட் என்பீர்கள். அந்தத் திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ரத்தம் கொட்டும்போதும் கேட்டுக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா என்று உங்களில் யாருக்காவது தோன்றும். இல்லை. ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தையின் தோள் மாட்டிக்கொள்வது, இவற்றில் கை உடனே வேலை செய்ய வேண்டும். அப்போதும் வாய் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒருவர் தலைமாட்டில் நின்று, "ரத்தம் கூடுதலா போகுது, நிறுத்த மருந்து போடுறோம், நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். எது நடந்தது, ஏன் செய்தோம் என்பதை மறுநாள் உட்கார்ந்து விளக்குங்கள்.

துணைக்கு ஆள். திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிற சாமிக்கு ஏன் தாயுமானவர் என்று பெயர்? காவிரியில் வெள்ளம். பூம்புகாரிலிருந்து கிளம்பிய அம்மா அக்கரையில் நின்றுவிட்டாள். மகளுக்கு வலி கண்டுவிட்டது. அந்தத் தாயின் உருவத்தில் சாமியே வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. இந்த ஆற்றங்கரையில் பிறந்துவிட்டு, ஆற்றைத் தாண்டி வந்துசேர்ந்த அம்மாவை நாம் "அட்டெண்டர் வெளிய நில்லு" என்று வராண்டாவில் நிறுத்துகிறோம்! 2017-இல் வந்த லக்ஷ்யா திட்டத்திலும் பிரசவத் துணை உண்டு. யார் வேண்டும் என்பதை அந்தப் பெண் சொல்லட்டும், சில சமயம் அது அம்மாவாக இராது. நம்முடையது பல கட்டில் போட்ட அறை, அதனால் இப்போதைக்குப் பெண் துணைதான். கணவரும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, தடுப்புச் சுவர் கட்டப் பணம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

வருகிறவர்கள் திருக்கருகாவூர் எண்ணெய்க் குப்பியோடு வருவார்கள். வயிற்றில் மேலாகத் தடவினால் தடவட்டும், சிரிக்காதீர்கள். குடிக்கக் கொடுத்தால் மட்டும், விளக்கெண்ணெய் உள்ளே போனால் என்ன ஆகும் என்று பக்குவமாகச் சொல்லித் தடுங்கள். கத்துகிறவர் கத்தட்டும். நடக்க விரும்பினால் நடக்கட்டும். சிக்கல் இல்லாதவர் கஞ்சியோ தண்ணீரோ கேட்டால் கொடுங்கள். பொம்பளைப் பிள்ளை பிறந்தால் உச்சுக்கொட்டுகிற வேலை வேண்டாம். குழந்தை இறந்து பிறந்தால், துணியில் சுற்றி மூலைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். பார்க்க வேண்டுமா, மடியில் வாங்கிக்கொள்கிறீர்களா என்று அந்தத் தாயிடம் கேளுங்கள். எவ்வளவு நேரம் கேட்டாலும் கொடுங்கள். பால் சுரக்கும், அதற்கு என்ன செய்வது என்றும் சொல்லி அனுப்புங்கள். அவருக்கு முடிந்தவரை தனி இடம் பார்ப்போம்.

குழந்தையைக் காட்டக் காசு கேட்பதைப் பற்றி ஒரே வரி: கேட்டது தெரிந்தால் அன்றைக்கே மெமோ, யாராக இருந்தாலும்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். தொகுப்பூதியத்தில் வந்திருக்கிறீர்கள். இரவு டியூட்டியில் ஆறு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தை தலைகாட்டும். அந்த எரிச்சல் யார் மேலாவது இறங்கும், இறங்குவதற்குச் சுலபமான இடம் மல்லாந்து படுத்திருப்பவர்தான். அந்த நேரம் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள், இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆள் பற்றாமல் ஒரு தவறு நடந்தால், அதை அப்படியே எழுதி என் மேஜையில் வையுங்கள். ஆள் கேட்டு மேலே எழுத அதுதான் எனக்கு ஆதாரம். நான் திட்டினாலும் எழுதி வையுங்கள். நான் திட்டுவேன், அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு இரண்டிரண்டு பேராக லேபர் ரூமுக்குப் போய்வாருங்கள். இப்போது உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் வலங்கைமான் பக்கத்திலிருந்து விடியற்காலை வந்தவர், தலைச்சன், ரொம்பப் பயந்திருக்கிறார். திரை போட்டிருந்தால் வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.