கயல்விழிக்கு, வடிவியல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள

அன்புள்ள கயல்விழி,

காலாண்டுத் தேர்வு விடைத்தாளைப் பார்த்தேன். இயற்கணிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வடிவியல் வரைய வேண்டிய பக்கம்தான் வெள்ளையாக இருக்கிறது. தப்பாக வரைந்திருந்தால்கூட ஏதாவது மதிப்பெண் கிடைத்திருக்கும். நீ PQ என்ற முதல் கோட்டைக்கூடப் போடவில்லை. ஸ்கேல் வைத்து 6 செ.மீ. கோடு போட உனக்குத் தெரியாதா என்ன?

"படத்தப் பாத்தாலே பயமா இருக்கு டீச்சர்" என்றாய். புத்தகத்தில் இருப்பது வரைந்து முடித்த படம். வட்டம், வில், இணைகோடு, ஏழெட்டு எழுத்து எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் விழும். எந்தக் கோடு முதலில் வந்தது, எது அதைப் பிடித்துக்கொண்டு வந்தது என்பது அதில் தெரியாது. நீ அந்த முடிந்த படத்தை அப்படியே மனப்பாடம் செய்யப் பார்க்கிறாய். அதனால் இனி மூன்று வாரத்துக்குப் புத்தகப் படத்தைப் பார்க்காதே. கேள்வியை மட்டும் படி, படத்தை நீ வரை. தினமும் இருபது நிமிடம் போதும். மழைக்காலம், சாயங்காலம் கரண்ட் போகும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடு.

கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கு. காம்பஸ் திருகு தளர்வாக இருந்தால் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது, அப்பாவிடம் கொடுத்து இறுக்கிக்கொள். பென்சிலைக் கூராகச் சீவி வை. அழிப்பான் வேண்டாம். தப்பான கோட்டின் மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தொடர்ந்து வரை. எங்கே தடம் மாறினாய் என்று நான் பார்க்க வேண்டும்.

முதல் வாரம்:

திங்கள். AB = 6, BC = 5, AC = 4 செ.மீ. முக்கோணம். A-யில் உள்ள கோணத்தைக் காம்பஸால் இருசமமாக வெட்டு. அந்தக் கோடு BC-யைத் தொடும் இடம் D. இப்போது BD, DC இரண்டையும் அள. 3, 2 என்று வர வேண்டும். கோண இருசமவெட்டித் தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: 6-க்கு 4 எப்படியோ, 3-க்கு 2 அப்படி.

செவ்வாய். ஏதாவது ஒரு கோணல் முக்கோணம். கோணலாகத்தான் இருக்க வேண்டும், கவனி. நீ எப்போதும் மூன்று பக்கமும் சமமாகத் தெரிகிற மாதிரி அழகாக வரைகிறாய். அப்படி வரைந்தால் நடுக்கோடும் குத்துயரமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும், கேள்வியில் இல்லாத சமங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கோணலாக வரைந்து, ஒரே முனையிலிருந்து நடுக்கோடு, குத்துயரம், இருசமவெட்டி மூன்றையும் போடு. மூன்றும் மூன்று இடத்தில் விழுவதைப் பார்.

புதன். 3 செ.மீ. ஆர வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி. இரண்டு தொடுகோடு வரைந்து அள. 4 வரும். ஏன் 4 என்பதை நான் சொல்லப்போவதில்லை, ஆரத்தையும் தொடுகோட்டையும் சேர்த்துப் பார்த்தால் பிதாகரஸ் தெரிவார்.

வியாழன். வடிவொத்த முக்கோணம், காரணி 3/5 ஒன்று, 7/4 ஒன்று. அடிக்கோட்டின் ஒரு முனையிலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இழு. இரண்டிலும் பெரிய எண் எதுவோ அத்தனை புள்ளி அதில் சம தூரத்தில் வைக்க வேண்டும். கீழே இருக்கும் எண்ணின் புள்ளியை அடிக்கோட்டின் மறுமுனையோடு சேர், மேலே இருக்கும் எண்ணின் புள்ளியிலிருந்து அதற்கு இணையாக இழு.

வெள்ளி. நீ வெள்ளையாக விட்டாயே, அந்த வகைக் கணக்கு. PQ = 6 செ.மீ., ∠R = 50°, R-லிருந்து குத்துயரம் 4.2 செ.மீ. இதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தாலும் சரி.

உன் குழப்பம் எனக்குத் தெரியும். "கோணம் R-ல கேக்கறாங்க, நாம ஏன் P-ல போடறோம்?" நல்ல கேள்வி. R எங்கே என்று நமக்கு இன்னும் தெரியாது, தெரியாத இடத்தில் கோணமானியை எப்படி வைப்பது? P தெரியும். அதனால் PQ-வுக்குக் கீழே, P-யில் 50° வருகிற மாதிரி PE என்று ஒரு கோடு. P-யிலேயே PE-க்குச் செங்குத்தாக PF, இது மேலே போகும். PQ-வின் மையக்குத்துக்கோடு PQ-வை G-யிலும் PF-ஐ O-விலும் வெட்டும். O மையம், OP ஆரம், வட்டம் போடு. ஆரம் PE-க்குச் செங்குத்து என்பதால் PE அந்த வட்டத்துக்குத் தொடுகோடு ஆகிவிட்டது. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் நடுவே உள்ள 50°, எதிர்ப்பக்க வில்லில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் 50°. மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் என்று பயமுறுத்துகிற பெயர் வைத்திருக்கிறார்களே, அது இதுதான்.

இங்கே ஒரு நிமிடம் நில். மேல் வில்லில் உனக்குப் பிடித்த நாலு இடத்தில் புள்ளி வை. ஒவ்வொன்றையும் P, Q-வோடு சேர்த்துக் கோணம் அள. நாலும் 50 வரும். நீயே அளந்து பார்த்தபிறகு இது மறக்காது. அப்புறம் மீதி சுலபம்: G-யிலிருந்து மையக்குத்துக்கோட்டில் 4.2 செ.மீ. மேலே போய், PQ-வுக்கு இணையாக ஒரு கோடு. அது வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும், எதை வேண்டுமானாலும் R என்று வைத்துக்கொள். குத்துயரம் 7 செ.மீ. என்று கேட்டிருந்தால் என்ன ஆகும் என்றும் வரைந்து பார்.

சனி. அம்மா கேள்வியை வாசிக்கட்டும், நீ எழுதாமல் காதால் கேட்டு முதலில் உதவிப்படம் போடு. கைக்கு வந்தபடி, அளவில்லாமல். கொடுத்த விவரம் எல்லாம் அதில் ஏறிவிட்டதா என்று பார்த்தபிறகுதான் ஸ்கேலைத் தொட வேண்டும்.

ஞாயிறு. இதை அப்பாவோடு செய். ஒரு வயல், மூலைக்கு மூலை 75 மீட்டர். அந்தக் கோட்டில் 30 மீட்டர் போனதும் இடது பக்கம் செங்குத்தாக 38 மீட்டரில் ஒரு மூலை, 40 மீட்டர் போனதும் வலது பக்கம் 34 மீட்டரில் இன்னொரு மூலை. 5 மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்து வரை. இரண்டு முக்கோணத்தின் பரப்பையும் கூட்டினால் 2700 சதுர மீட்டர். "இது எத்தனை மா?" என்று அப்பாவிடம் கேள். மூணு மா ஒரு ஏக்கர் என்று கணக்குப் போட்டு ரெண்டு மா என்பார். வீட்டில் இருக்கும் புலப்படத்தையும் வாங்கிப் பார், நம் வயல்களை இப்படித்தான் முக்கோணமாக வெட்டி அளந்திருக்கிறார்கள்.

இரண்டாம் வாரம் இதே கணக்குகள், எண்களை நீ மாற்றிக்கொள். எழுத்துகளையும் மாற்று, L, M, N என்று வை. அடிக்கோடு எப்போதும் கிடையாக இருக்க வேண்டாம், நோட்டைச் சாய்த்து வரை. மூன்றாம் வாரம் தேல்ஸ் தேற்றமும் பிதாகரஸும். நிரூபணத்தின் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது அது சொல்லும் பக்கத்தின் மேல் விரல் வை. விரல் வைக்க இடம் தெரியாத வரிதான் உனக்குப் புரியாத வரி. அதில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வா.

பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. கடைசியில் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று ஒதுக்குகிற அளவு சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த மூன்று வாரத்தில் மதிப்பெண்ணைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

அடுத்த திங்கள் டியூஷனுக்கு அந்த நோட்டோடு வா. பெருக்கல் குறி ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக இருந்தால் நீ புத்தகத்தைப் பார்த்து வரைந்தாய் என்று எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்,
டியூஷன் டீச்சர்

பி.கு.: உன் தம்பி காம்பஸ் முள்ளால் மேசையில் பெயர் செதுக்குகிறானாம். முள் மழுங்கினால் வட்டம் வழுக்கும், அவனுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்.