உன் வாசலில்

அம்மா போய் ஓராண்டு நிறைகிற அன்று, வீட்டில் கூடுகிறவர்கள் முன்னால் படிப்பதற்காக எழுதிய கஜல் இது. படிப்பதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும் போலிருக்கிறது.

அந்தி விளக்கு வைத்ததும் அம்மா தாயுமானவரின் பராபரக் கண்ணியிலிருந்து நாலைந்து பாடுவாள். மொத்தம் 389 கண்ணிகள். அவளுக்குத் தெரிந்தது முப்பது இருக்கும். இரண்டிரண்டு அடியாக வந்து ஒவ்வொன்றும் ‘பராபரமே’ என்று போய் நிற்கும். வரிசை எப்போதும் மாறிப்போகும், ஆனால் ஒன்றும் குறையாது. ஒவ்வொரு கண்ணியும் தன் காலில் நிற்கிறது, அடுத்ததன் தோளைப் பிடிப்பதில்லை. பின்னாளில் முதன்முதலாக ஒரு கஜலைக் கேட்டபோது உருது ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் இரண்டடிக்கொருமுறை அதே சொல் திரும்ப வந்ததும் அம்மாவின் கண்ணிதான் காதில் விழுந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக் கண்ணி பாடியவர்தானே. அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசி ஈரடியில் கவிஞன் தன் பெயரைச் சொல்வதும் நமக்குப் புதிதல்ல. சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். ஆண்டாள் ‘பட்டர்பிரான் கோதை’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வாள். கஜலில் அதற்கு மக்தா என்று பெயர், அவ்வளவுதான்.

ஆனால் கண்ணி கேட்காத ஒன்றைக் கஜல் கேட்கிறது. திரும்பத் திரும்ப வரும் ரதீஃபுக்கு முன்னால் இன்னொரு இயைபும் வேண்டும். அதுதான் காஃபியா. தமிழில் இங்கேதான் சறுக்கும். நின்றேன், வந்தேன், அழுதேன் என்று வினைமுற்றை வைத்தால் ஒரு மணி நேரத்தில் நூறு எழுதிவிடலாம். அது இலக்கணம் இலவசமாகக் கொடுப்பது, நான் தேடி எடுத்தது அல்ல. அதனால் வினையே கூடாது, ‘அல்’ என்று முடியும் பெயர்ச்சொல்தான் என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். குரல், நிழல், புகல், மணல், மடல் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ‘இகல்’ நல்ல சொல், ஆனால் இன்று யாரும் சொல்வதில்லை, அடித்துவிட்டேன். ‘துகள்’ மேல் ரொம்ப ஆசை. ஒரு வாரம் வைத்திருந்து அதையும் எடுத்தேன். ள-வும் ல-வும் பிசகினால் அம்மா பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது.

ரதீஃப் கிடைக்கத்தான் நாளாயிற்று. முதலில் ‘நீயே’ என்று வைத்தேன். எந்தப் புகழ்ச்சியும் அதோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் ஒட்டினால் எதுவும் அழுத்தமாக நிற்காது. அப்புறம் ‘வருவாயா’. நாலாவது ஈரடியிலேயே அது காதல் ஊடலாகிப் போனது. ஒருநாள் அம்மா பேசுவது நினைவுக்கு வந்தது. “விளக்க வச்சிட்டு வா, வாசல்ல” என்பாள். வினையைச் சொல்லி முடித்துவிட்டு, இடத்தை வாலாகச் சேர்ப்பாள். எழுத்துத் தமிழில் வினைதான் கடைசி இருக்கையில் உட்காரும். பேசும்போது நாம் எல்லோரும் அதை எழுப்பிவிட்டு வேறொன்றை உட்கார வைக்கிறோம். ‘உன் வாசலில்’ என்பது அப்படி வந்தது. கோயிலோ பள்ளிவாசலோ தர்காவோ, எங்கே நின்றும் சொல்லலாம். அம்மா பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் எல்லோரும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் இல்லை. ஆகவே பாட்டில் எந்தப் பெயரையும் வைக்கவில்லை.

அடிக்கு ஆறு சொல் என்று ஒரு நடை வைத்திருக்கிறேன். யாப்பு தெரிந்தவர்கள் தளை தட்டுகிறது என்பார்கள், தட்டும்தான். கடலில் கலக்கும் துளியைப் பற்றி ஒன்று எழுதியிருந்தேன், அதைத் தூக்கிவிட்டேன். எல்லோரும் சொன்னதை அவன் வாசலுக்கு எடுத்துப் போக மனம் வரவில்லை. அம்மாவைப் பற்றிய ஈரடி எல்லாவற்றுக்கும் பிறகு, கேட்காமலே வந்தது.

முதல் ஈரடியில் இரண்டு அடியும் ஒரே சொல்லில் முடியும். அதைக் கேட்டதும் சொல் பிடிபட்டுவிடும். சித்தி, அப்புறம் நீங்களும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்.

ஊரெல்லாம் அழைத்து ஓய்ந்தது குரல் உன் வாசலில்;
நான்வந்து சேருமுன் கிடந்தது நிழல் உன் வாசலில்.

பேரென்ன ஊரென்ன என்றெதுவும் கேளாமல் பாய் விரித்தாய்;
வேரற்ற எனக்கும் கிடைத்தது புகல் உன் வாசலில்.

செருப்பைக் கழற்றினேன், செருக்கைக் கழற்ற மறந்து விட்டேன்;
நெருப்பாகச் சுட்டது நான்நின்ற மணல் உன் வாசலில்.

எழுதிய வேண்டுதல் எல்லாமே கண்ணீரில் கரைந்து போக,
அழுததை மட்டும் சொல்லுமென் மடல் உன் வாசலில்.

அலைந்தலைந்து கரைதோறும் அமைதியைத் தேடி அலுத்து வந்தேன்;
அலையடங்கிக் கைகட்டி நிற்குமே கடல் உன் வாசலில்.

கோபத்தைக் கொண்டுவந்து கொட்டினேன், குற்றமெல்லாம் உன்மேல் என்று;
தூபமாய் மணந்ததே அந்தத் தழல் உன் வாசலில்.

விடியாத இரவென்று விதியையே ஏசிக் கிடந்த எனக்கு
முடியாமல் நீள்வதேன் இந்தப் பகல் உன் வாசலில்?

கொடுத்தேன் கொடுத்தேன் என்றொரு கணக்கை நீட்டி நின்றேன்;
எடுத்துப் பார்க்கஅது நீயிட்ட முதல் உன் வாசலில்.

துளைத்ததேன் என்றுன்னைத் தொண்டை கட்டக் கேட்க வந்தேன்;
துளைவழியே காற்றுவரப் பாடிற்றுக் குழல் உன் வாசலில்.

எண்ணிக்கை வைத்துப் பேர்சொன்ன நாளெல்லாம் எங்கோ போனாய்;
எண்ணிக்கை தவறியதும் நின்றது விரல் உன் வாசலில்.

அசலைநீ கேட்டதும் ஆயிரம் முகத்தைக் கழற்றி வைத்தேன்;
கசங்கிக் கிடக்குதே இன்னுமோர் நகல் உன் வாசலில்.

தாகத்தைத் தந்தநீ தண்ணீரும் தருவாய் என்றே இருந்தேன்;
தாகமே ஊறிவந்து ஆனது புனல் உன் வாசலில்.

அம்மாவின் பாட்டை அடிமறந்து பாதியில் நிறுத்தி விட்டேன்;
சும்மா இருக்கையில் முடித்ததொரு குரல் உன் வாசலில்.

‘அகல்’என்றாய்; விரட்டுவதாய் எண்ணிப் பாதிவழி அழுது போனேன்;
பெயர்சொல்லி அழைத்தாயோ? எரிகிறேன் அகல் உன் வாசலில்.