புதிய பங்குதாரருக்கான கூட்டாண்மைப் பத்திரச் சுருக்கம்

கிருஷ்ணகிரி
02.03.2026

மதிப்பிற்குரிய அம்மையீர்,

காவேரிப்பட்டணம் அருகே இயங்கிவரும் மாங்கூழ்த் தொழிற்சாலையில் 01.04.2026 முதல் தாங்கள் நான்காவது பங்குதாரராகச் சேர்வதற்கான திருத்தியமைக்கப்பட்ட கூட்டாண்மைப் பத்திரத்தின் வரைவு தங்களிடம் உள்ளது. அதன் 31 பிரிவுகளையும் கையெழுத்திடுமுன் முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். படிக்கும்போது எது எதற்காக எழுதப்பட்டது என்பது விளங்குவதற்காகவே இந்தச் சுருக்கம். இதற்கும் பத்திரத்துக்கும் வேறுபாடு தோன்றினால் பத்திரமே செல்லும். பத்திரத்தை நிறுவனத்தின் சார்பில் எழுதியவன் நான் என்பதால், தங்கள் தரப்பில் வேறொரு வழக்கறிஞரிடமும் இதைக் காட்டுவது முறையாகும்.

மூலதனம்

நிறுவனத்தின் மொத்த மூலதனம் 2 கோடி ரூபாய். நிர்வாகப் பங்குதாரரான முதல்வர் 80 லட்சம், கொள்முதலைக் கவனிக்கும் இரண்டாமவர் 50 லட்சம், நேரடிப் பணியில் ஈடுபடாத மூன்றாமவர் 30 லட்சம், தாங்கள் 40 லட்சம். தங்கள் தொகையில் 25 லட்சத்தைக் கையெழுத்திடும் நாளிலும், மீதி 15 லட்சத்தை அதிலிருந்து 60 நாட்களுக்குள்ளும் வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். இரண்டாம் தவணை தவறினால், செலுத்திய தொகையின் விகிதத்துக்கு ஏற்பத் தங்கள் ஆதாயப் பங்கு குறைக்கப்படும்.

இதற்கு மேல் 6 லட்சம் ரூபாயை நற்பெயர் மதிப்பாகத் தாங்கள் தருகிறீர்கள். தங்களுக்காக மூவரும் விட்டுக்கொடுக்கும் பங்கின் அளவில் அது 2.70 லட்சம், 1.80 லட்சம், 1.50 லட்சம் என அவர்களையே சேரும். இத்தொகை தங்கள் மூலதனக் கணக்கில் ஏறாது. விலகும்போது திரும்பியும் வராது. ஆகவே தாங்கள் செலவிடுவது 46 லட்சம் என்றாலும், நிறுவனத்தில் தங்கள் பெயரில் நிற்பது 40 லட்சம் மட்டுமே.

தொழிற்சாலை நிற்கும் நிலம் நிறுவனத்தின் சொத்தன்று என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அது மூன்றாம் பங்குதாரருக்குச் சொந்தமானது. மாதம் 60,000 ரூபாய் வாடகைக்கு 2038 வரை நிறுவனத்துக்குப் பதிவு செய்யப்பட்ட குத்தகையில் விடப்பட்டுள்ளது. கட்டடமும் இயந்திரங்களும் மட்டுமே நிறுவனத்தினுடையவை. நிலத்தின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் அதில் தங்களுக்குப் பங்கு கிடையாது. குத்தகைப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கட்டடத்தின் மதிப்பும் அந்தக் காலக்கெடுவைச் சார்ந்தே நிற்கிறது.

பழைய கடன்கள் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 31ஆம் பிரிவின்படி, தாங்கள் சேர்வதற்கு முன் நிறுவனம் செய்த எதற்கும் தாங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். விவசாயிகளுக்கான பழைய பாக்கி, பழைய ஆண்டுகளின் வரி ஆகியவற்றை முதல் மூவருமே ஏற்பதாகப் பத்திரத்தின் 9ஆம் பிரிவும் உறுதி கூறுகிறது. ஆயினும் தாங்கள் கொண்டுவரும் 40 லட்சம் நிறுவனத்தின் சொத்தாகிவிடுவதால், பழைய கடன்காரர் நிறுவனச் சொத்தின் மீது நடவடிக்கை எடுத்தால் அது தங்கள் பணத்தையும் தொடும். அந்த இழப்பை மூவரிடமிருந்தும் ஈடுசெய்து கொள்ளும் உரிமையே 9ஆம் பிரிவு தருவது. அதோடு, 1.50 கோடி ரூபாய் வங்கிக் கடன் வரம்புக்குப் புதிய பங்குதாரரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் வங்கி கேட்கும். அதில் கையெழுத்திட்டால் அந்த உத்தரவாதத்தின் வாசகப்படி பழைய நிலுவைக்கும் தாங்கள் பொறுப்பாக நேரிடும்; அந்நிலையில் 31ஆம் பிரிவின் பாதுகாப்பை வங்கிக்கு எதிராகக் காட்ட இயலாது. எனவே 31.03.2026 அன்றைய நிலுவைச் சான்றை வங்கியிடம் பெற்ற பின்னரே அந்த உத்தரவாதத்தைக் குறித்து முடிவு செய்யுங்கள். சேர்ந்த பின் உண்டாகும் கடன்களுக்கோ நால்வரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. தங்கள் பொறுப்பு 40 லட்சத்தோடு நின்றுவிடாது.

ஆதாயப் பங்கு

இதுவரை 45, 30, 25 விழுக்காடாக இருந்த பங்கு, இனி 36, 24, 20, 20 விழுக்காடாகும். நட்டமும் இதே விகிதத்தில்தான். மூன்றாமவர் மூலதனத்தில் 15 விழுக்காடே வைத்திருந்தும் தங்களுக்கு இணையான பங்கைப் பெறுவது, தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் அவர் நிலத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்ததை ஒட்டி ஏற்பட்ட ஏற்பாடு.

மூலதனத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி உண்டு. ஆதாயம் இருந்தால் மட்டுமே அது கிடைக்கும். நட்டமான ஆண்டில் கிடையாது. முதல்வருக்கு மாதம் 50,000, இரண்டாமவருக்கும் தங்களுக்கும் தலா 40,000 ரூபாய் ஊதியம். பணியில் ஈடுபடாத மூன்றாமவருக்கு ஊதியம் இல்லை.

ஓர் ஆண்டில் வட்டிக்கும் ஊதியத்துக்கும் முன் 60 லட்சம் ஆதாயம் வந்ததாகக் கொள்வோம். மூலதன வட்டி 20 லட்சம் போக 40 லட்சம். மூவரின் ஊதியம் 15.60 லட்சம், வருமான வரிச் சட்டம் இந்த அளவு ஆதாயத்துக்கு அனுமதிக்கும் 25.80 லட்ச வரம்புக்குள் இது அடங்குகிறது. மீதி 24.40 லட்சத்தில் நிறுவனம் செலுத்தும் வரி, கூடுதல் தீர்வை உட்பட 31.2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 7.61 லட்சம். எஞ்சும் 16.79 லட்சத்தில் தங்கள் பங்கு சுமார் 3.36 லட்சம். வட்டி 4 லட்சமும் ஊதியம் 4.80 லட்சமும் சேர்த்தால் ஏறத்தாழ 12.16 லட்சம். ஆதாயப் பங்குக்குத் தங்கள் கையில் மீண்டும் வரி இல்லை. வட்டியும் ஊதியமும் தங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும், அவை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டுவதால் 10 விழுக்காடு வரிப் பிடித்தமும் செய்யப்படும்.

ஆதாயப் பங்கில் 30 விழுக்காடு அடுத்த சீசனின் பழக் கொள்முதலுக்காக நிறுவனத்திலேயே நிறுத்தப்படும். மே முதல் ஜூலை வரை பழத்துக்கு அன்றாடம் பணம் தேவைப்படும், கூழ் விற்றுப் பணம் வருவதற்கோ பல மாதங்கள் ஆகும் என்பதால் இந்த ஏற்பாட்டை நான் நியாயமானதாகவே கருதுகிறேன்.

கடமைகள்

கூழின் தரச் சோதனை, உணவுப் பாதுகாப்பு உரிமம், வாங்குவோருடனான தொடர்பு ஆகியவை தங்கள் பொறுப்பு. 2 லட்சத்துக்கு மேற்பட்ட காசோலைக்கு இருவர் கையெழுத்து வேண்டும். அன்றாட விவகாரங்கள் பெரும்பான்மைப்படி முடிவாகும். கடன் வாங்குதல், 10 லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரம், தொழிலின் தன்மையை மாற்றுதல், புதிய பங்குதாரர் ஆகியவற்றுக்கு நால்வரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. கணக்குப் புத்தகங்களை எந்நேரமும் பார்க்கும் உரிமை தங்களுக்கு உண்டு.

பர்கூரில் தங்கள் குடும்பம் நடத்தும் மாங்காய் மண்டியை முன்னிட்டு 14ஆம் பிரிவு தனியாக எழுதப்பட்டது. கூட்டாண்மைத் தொழிலின் வழியே ஒரு பங்குதாரர் தனக்கென ஈட்டும் இலாபத்தை நிறுவனத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்த மண்டியிலிருந்து பெங்களூரா முதலிய பழங்களை வாங்கும்போது, அன்று பிறருக்குக் கொடுத்த சராசரி விலையை மிஞ்சக் கூடாது. எடைச் சீட்டை இரண்டாம் பங்குதாரரே சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அந்தக் கொள்முதல் ரசீதில் தாங்கள் கையெழுத்திடலாகாது. இது தங்கள் மீதான ஐயத்தால் எழுதப்பட்டதன்று. நாளை எவரும் ஐயத்தைக் கிளப்ப இடமில்லாமல் தங்களைக் காப்பதற்காக எழுதப்பட்டது.

விலகல்

இந்தப் பிரிவுகளை மூலதனப் பிரிவோடு சேர்த்தே படிக்க வேண்டும். வங்கி வைப்புத் தொகையைப் போல நினைத்த நாளில் எடுக்கக்கூடிய பணம் அன்று இது. முதல் மூன்றாண்டுகள் விலக இயலாது. அதன் பின், எந்த ஆண்டிலும் செப்டம்பர் 30க்குள் எழுத்துமூலம் அறிவித்தால், அடுத்த மார்ச் 31 அன்று விலகல் நடைமுறைக்கு வரும். அதாவது தாங்கள் வெளியேறக்கூடிய முதல் நாள் 31.03.2030. சீசன் நடுவில் எவரும் பணத்தோடு விலகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் காலவரை.

கணக்கு முடிக்கும்போது, நிறுவனத்தின் பட்டயக் கணக்காளரும் விலகுபவர் நியமிக்கும் ஒருவரும் சேர்ந்து இயந்திரங்களைச் சந்தை மதிப்பிலும், கூழ் இருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததிலும் மதிப்பிடுவர். 180 நாட்களுக்கு மேல் வசூலாகாத பாக்கிகள் வசூலானபோதே பங்கிடப்படும். நற்பெயர் மதிப்பு, கடைசி மூன்றாண்டு நிகர ஆதாயத்தின் சராசரியாகும். வரும் தொகையில் 25 விழுக்காடு 90 நாட்களிலும், மீதி 9 விழுக்காடு வட்டியோடு ஆறு காலாண்டுத் தவணைகளிலும் தரப்படும். தவணை தவறினால் என்ன செய்வது என்பது வரைவில் இல்லை. ஒரு தவணை 30 நாட்களுக்கு மேல் தாமதமானால் மீதி முழுவதும் உடனே செலுத்தத்தக்கதாகும் என்றொரு வரியைச் சேர்க்கும்படி தாங்கள் கேட்கலாம். முதல்வரிடம் நானும் அதைப் பரிந்துரைத்துள்ளேன்.

விலகிய செய்தியைப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் இம்மாவட்டத்தில் புழங்கும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் பொது அறிவிப்பு வெளியிடும் வரை, மூன்றாம் தரப்பினருக்குத் தங்கள் பொறுப்பு தொடரக்கூடும். இந்த அறிவிப்பைத் தாங்களே வெளியிடலாம். மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

விலகிய பின் இரண்டாண்டுகள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மாங்கூழ் உற்பத்தியில் ஈடுபடக் கூடாது. பழ வியாபாரத்துக்கு இது பொருந்தாது என்பதை 22ஆம் பிரிவு தெளிவாகக் கூறுவதால் மண்டிக்குத் தடையில்லை. பங்குதாரர் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலையாது. வாரிசுகள் கணக்குத் தொகையைப் பெறுவர், ஆனால் தாமாகப் பங்குதாரராகிவிட மாட்டார்கள். நீக்கம் என்பது மோசடி, போட்டித் தொழில், மூலதனத்தைச் செலுத்தத் தவறுதல் ஆகிய மூன்று காரணங்களுக்கு மட்டுமே, மற்ற அனைவரின் எழுத்துமூல முடிவால், நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டும்.

தகராறு

முதலில் நால்வரும் கூடிப் பேச வேண்டும். 30 நாட்களில் தீராவிட்டால், இரு தரப்பும் ஏற்கும் ஒரு சமரசர் முன் பேச வேண்டும். அதிலும் தீராதபோது, 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தனி நடுவராக விசாரிப்பார். விசாரணை கிருஷ்ணகிரியில், தமிழில் நடைபெறும். தகராறு நடக்கையிலும் உற்பத்தி நிற்கக் கூடாது; கணக்கைப் பார்க்கும் உரிமையையும் எவருக்கும் மறுக்கக் கூடாது. நடுவரின் கட்டணத்தை யார் செலுத்துவது என்பது வரைவில் சொல்லப்படவில்லை. முதலில் இரு தரப்பும் சரிபாதியாகச் செலுத்தி, தீர்ப்பில் நடுவர் அதைப் பங்கிடுவது என எழுதலாம்.

தவணை தவறுதல், நடுவர் கட்டணம் ஆகிய இரண்டையும் குறித்த தங்கள் கருத்தையும், தங்கள் வழக்கறிஞர் கேட்கும் திருத்தங்களையும் 16.03.2026க்குள் எழுத்தில் தெரிவித்தால், இறுதிப் பத்திரத்தை மார்ச் மாதக் கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு வைக்க இயலும். பதிவாளர் அலுவலகத்துக்கும் ஜிஎஸ்டி பதிவுக்கும் மாற்றத்தைத் தெரிவிக்கத் தங்கள் பான் அட்டை, ஆதார் நகல், புகைப்படங்கள் ஆகியவற்றையும் அதனுடன் அனுப்பி வைக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
நிறுவனத்தின் வழக்கறிஞர்