அக்டோபர் 10, 11 தேதிகளில் பில்லிங் மென்பொருள் நின்றது குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

காரைக்குடி,
12 அக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை காலை 9.40 மணிக்கு எங்கள் பில்லிங் மென்பொருள் நின்றுபோனது. மறுநாள் சனிக்கிழமை மாலை 4.10 மணிக்குத்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட முப்பது மணி நேரத்துக்கும் மேலாக உங்களால் பில் போட முடியவில்லை. இருப்பு பார்க்கவோ, செப்டம்பர் மாதக் கணக்கை எடுக்கவோ வழியில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பலகாரக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் ஆண்டின் பெரிய வியாபாரம் நடக்கும் வாரத்தில் இது நேர்ந்தது. இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். என்ன நடந்தது, எந்தக் கணக்கு திரும்ப வந்தது, எது வரவில்லை, இனி நீங்களும் நாங்களும் என்ன செய்யவேண்டும் என்பதை இக்கடிதத்தில் எழுதியிருக்கிறோம். சற்று நீளமான கடிதம்தான். ஆனால் மொபைலில் மட்டும் பில் போடும் கடைக்காரர்கள், புதிய பில் போடுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் பில்களும் இருப்பும் ஆர்டர்களும் சேர்ந்து பதிவாகும் எங்கள் கணினியில் இடம் நிறைந்துபோனதுதான் காரணம். கடைசிப் பக்கம் வரை எழுதித் தீர்ந்த பேரேட்டில் அடுத்த வரியை எழுத இடமில்லாததைப் போல, வெள்ளிக்கிழமை காலையில் புதிய பில் எதையும் அதனால் ஏற்க முடியவில்லை. இடம் குறைந்துவருவதாக அந்தக் கணினி முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அந்த எச்சரிக்கை, எங்களிடமிருந்து வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் மின்னஞ்சலுக்கே தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றி அமைக்கவேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. விலகிச் சென்றவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இதனினும் கனமான தவறு ஒன்று உண்டு. ஒவ்வொரு நாள் இரவும் உங்கள் கணக்கின் நகல் ஒன்றை எடுத்துவைக்கிறோம் என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். அந்த நகலும் அதே கணினியின் இடத்தைப் பயன்படுத்தியே எடுக்கப்பட்டது. ஆகையால் அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை இரவுக்குப் பிறகு எடுத்த நகல்கள் பாதியிலேயே நின்றிருக்கின்றன. நகல் எடுக்கப்பட்டதா என்று பார்த்தோமே தவிர, அதைத் திறந்து முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அதைத் திறந்தபோதுதான், எங்கள் கையில் இருக்கும் முழுமையான கணக்கு மூன்று நாள் பழையது என்று எங்களுக்கே தெரிந்தது.

வெளியாள் எவரும் உள்ளே புகுந்ததால் இது நேரவில்லை. இடம் நிறைந்த நேரமும் மென்பொருள் நின்ற நேரமும் ஒன்றாகவே பதிவாகியிருக்கின்றன. யூபிஐ மூலமும் அட்டை மூலமும் உங்கள் கடையில் வாங்கியவர்கள் செலுத்திய பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகிறது. எங்கள் மென்பொருள் வழியாகப் போவதில்லை. எனவே அந்தப் பணத்தில் எந்த மாற்றமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில், "ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று நாங்கள் அனுப்பிய செய்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். அதை அனுப்பும்போது பழுது என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. அந்தச் செய்தியை நம்பிப் பலர் கைப் பில் புத்தகத்தை எடுக்காமல் காத்திருந்தீர்கள். கடைக்கு வந்தவர்களையும் காக்கவைத்தீர்கள். ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் வெளிமாநிலத்துக்குப் போகவேண்டிய லாரி, இ-வே பில் எடுக்க முடியாமல் மாலை வரை சரக்குடன் நின்றிருந்தது. இ-வே பில்லை எங்கள் மென்பொருள் இல்லாமலேயே அரசின் இணையதளத்தில் நேரடியாகப் பதிந்து எடுத்துக்கொள்ள முடியும். அதைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தால் அந்த லாரி அன்று மதியமே புறப்பட்டிருக்கும். மென்பொருள் நின்றதைவிட, தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல நாங்கள் சொன்னதுதான் சிலருக்கு அதிக நஷ்டத்தை உண்டாக்கியது என்று கருதுகிறோம்.

இனி, கணக்குகளின் நிலை. செவ்வாய்க்கிழமை இரவு வரை உள்ள அனைத்தும் எல்லாக் கடைகளுக்கும் முழுமையாக உள்ளன. செப்டம்பர் மாதக் கணக்கு அதற்குள் அடங்குவதால் அதில் குறைவு இல்லை. புதன்கிழமை காலை முதல் வெள்ளிக்கிழமை காலை 9.40 வரை போட்ட பில்களில்தான் சிக்கல். கணினியில் பில் போடும் கடைகளில், ஏழு நாள் பில்களின் பிரதி அந்தந்தக் கடையின் கணினியிலேயே தங்கியிருக்கும். அவற்றைத் திரட்டிச் சேர்த்ததில் 193 கடைகளின் பில்கள் திரும்பக் கிடைத்துவிட்டன. சனிக்கிழமை மாலை வரை நேரமானதும் அதனால்தான். இவற்றுள் இரண்டு மேசைகளில் பில் போடும் 11 கடைகளில் சில பில்கள் இரண்டு முறை பதிவாகி, இருப்பும் இரண்டு முறை கழிந்திருக்கிறது. அத்தகைய பில்கள் உங்கள் திரையில் மஞ்சள் நிறத்தில் தெரியும். எது உண்மையான பில் என்பது உங்களுக்கே தெரியும் என்பதால் நாங்களாக எதையும் நீக்கவில்லை. நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகே நீக்குவோம்.

மொபைலில் மட்டும் பில் போடும் 19 கடைகளுக்கு அந்த மூன்று நாள் பில்கள் திரும்பக் கிடைக்கவில்லை. மொபைலில் பிரதி தங்குவதில்லை. அவற்றை மீட்க இயலும் என்ற நம்பிக்கையை உங்களுக்குக் கொடுக்க நாங்கள் விரும்பவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டோம், எங்களிடம் அவை இல்லை. இந்தக் கடைகள் பெரும்பாலும் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஆச்சிமார் நடத்துபவை என்பதும், கணக்கப்பிள்ளை வைத்துக்கொள்ளாமல் எங்கள் மென்பொருளை நம்பியே அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அவர்களுக்கு முதலில் கவனிக்கவேண்டியது தீபாவளி ஆர்டர்கள். புதன், வியாழன், வெள்ளி காலையில் யாரேனும் முன்பணம் கொடுத்து ஆர்டர் சொல்லியிருந்தால் அது இப்போது பட்டியலில் இருக்காது. ஆனால் 18, 19 தேதிகளில் அவர்கள் சீப்புச் சீடைக்கும் மனகோலத்துக்கும் அதிரசத்துக்கும் வந்து நிற்பார்கள். பட்டியலைத் திரும்ப எழுத இரண்டு இடங்களில் தேடிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வாங்குபவருக்கு அனுப்பிய பில் உங்கள் போனிலேயே இருக்கும். அதில் பெயர், பண்டம், எடை, முன்பணம் நான்கும் இருக்கும். அப்படி அனுப்பாதவர்களுக்கு, வங்கிச் செயலியில் அந்த மூன்று நாள் வரவைப் பார்த்தால் முன்பணம் அனுப்பியவரின் பெயரும் தொகையும் தெரியும். என்ன ஆர்டர் என்பதை அவரை அழைத்துத்தான் கேட்கவேண்டியிருக்கும். ரொக்கமாக முன்பணம் கொடுத்தவர்களுக்கு இந்த இரண்டு வழியும் உதவாது. இந்தத் தேடலை நீங்கள் தனியாகச் செய்யவேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல் ஆகிய ஊர்களில் உள்ள இந்த 19 கடைகளுக்கும் எங்கள் ஊழியர்கள் திங்கள், செவ்வாய் இரு நாட்களில் நேரில் வந்து, உடன் அமர்ந்து பட்டியலை எழுதித் தருவார்கள். அடுப்பு வேலை நடக்கும் நேரத்தில் வராமல், உங்களுக்கு ஒழிந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

பில் எண்ணிலும் கவனம் தேவை. உங்கள் கணக்கு செவ்வாய்க்கிழமை இரவில் நிற்பதால், அப்படியே தொடர்ந்தால் புதன்கிழமை ஒருவருக்குக் கொடுத்த எண்ணையே இன்னொருவருக்கும் மென்பொருள் கொடுத்துவிடும். ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒரு முறைதான் வரவேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி, தொடர்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதை அவ்விதி அனுமதிக்கிறது. ஆகவே இந்த 19 கடைகளுக்கும் B-1 என்று தொடங்கும் புதிய தொடரை அமைத்திருக்கிறோம். பழைய எண்ணுக்குத் திருப்பி மாற்றிவிடாதீர்கள். மென்பொருள் நின்றிருந்த நேரத்தில் கைப் பில் கொடுத்த மற்ற கடைகளும் அவற்றைத் தனித் தொடராகவே பதிவுசெய்துகொள்ளலாம்.

விலைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இது 212 கடைகளுக்கும் பொருந்தும். கடைக் கணினியில் தங்கும் பிரதியில் பில்கள் மட்டுமே இருக்கும், விலைப்பட்டியல் இருக்காது. ஆகையால் புதன் முதல் வெள்ளி வரை நீங்கள் மாற்றிய விலைகள் பழைய விலைக்கே திரும்பியிருக்கின்றன. வியாழக்கிழமை அதிரசத்தைக் கிலோ 380 ரூபாயிலிருந்து 420 ரூபாயாக உயர்த்திய ஒரு கடைக்கு, இப்போது 380 ரூபாய் என்றே பில் வரும். செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வரி விகிதங்கள் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே பதிந்தவை என்பதால் அவை அப்படியே உள்ளன. ஆயினும் பெயரிட்டுப் பொட்டலமிட்ட முறுக்கு, சீடை போன்றவற்றுக்குப் பழைய 12 சதவீதம் இல்லாமல் 5 சதவீதம் வருகிறதா என்று முதல் பில்லில் பார்த்துக்கொள்வது நல்லது.

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவர்களுக்கு நேற்று, 11ஆம் தேதி, கடைசி நாள். மாலை 4.10 வரை உங்களால் கணக்கை எடுக்க முடியவில்லை. இதனால் தாமதக் கட்டணம் செலுத்த நேர்ந்தால், ரசீதை எங்களுக்கு அனுப்புங்கள். அந்தத் தொகையை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு நாளை, 13ஆம் தேதி, கடைசி நாள். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கணக்கை இப்போதே எடுத்துக்கொள்ள முடியும். கடைசி நேரத்துக்கு வைக்காமல் இன்றிரவே எடுத்து உங்கள் ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

அக்டோபர் மாதச் சந்தாவை எந்தக் கடையிடமும் வாங்கமாட்டோம்; செலுத்திவிட்டவர்களுக்கு நவம்பர் கணக்கில் வரவு வைக்கிறோம். உங்கள் இரண்டு நாள் வியாபாரத்தில் ஏற்பட்ட குறைவை இது ஈடுசெய்யாது என்பதை அறிவோம். ஈடுசெய்துவிட்டதாக நாங்கள் பேசப்போவதும் இல்லை.

எச்சரிக்கைகள் இப்போது மூன்று பேருக்குத் தொலைபேசி அழைப்பாகவே வரும்படி மாற்றிவிட்டோம். கணினியின் இடத்தைப் பெருக்கிவிட்டோம். இரவு நகலை ஒருவர் காலையில் திறந்து, முந்தைய நாளின் கடைசிப் பில் அதில் இருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பமிடுகிறார். இன்னும் செய்யாதது, நகலை வேறோர் இடத்தில் உள்ள கணினியிலும் வைப்பது. தீபாவளி வாரத்தில் அந்த வேலையைத் தொடுவது புதிய பழுதுக்கு இடம்கொடுக்கும் என்பதால் அதை 31ஆம் தேதிக்குள் முடிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அதுவரை உங்கள் கணக்குக்கு முழுப் பாதுகாப்பு இருக்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது. ஆகவே மாத இறுதி வரை, கடை அடைக்கும் முன் அன்றைய பில் பட்டியலையும் நிலுவையில் உள்ள ஆர்டர் பட்டியலையும் அச்சிட்டோ, போனில் சேமித்தோ வைத்துக்கொள்ளுங்கள். மாலை 6 முதல் 9 மணி வரை மென்பொருள் சற்று மெதுவாக இயங்கக்கூடும்.

மீண்டும் மென்பொருள் நின்றால், நின்றது தெரிந்தவுடன் கைப் பில்லுக்கு மாறும்படி உங்களுக்குச் செய்தி அனுப்புவோம். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், நிலையைத் தெரிவிப்போம். பழுது இன்னதென்று கண்டறியும் வரை நேரம் குறித்துச் சொல்லமாட்டோம்.

நீங்கள் வழக்கமாக அழைக்கும் எண்ணில் 20ஆம் தேதி வரை காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை ஆள் இருப்பார். பில்லில் இங்கே சொல்லாத வேறு ஏதேனும் தவறு தென்பட்டால், சிறியது என்று விட்டுவிடாமல் அந்தப் பில்லைப் படமெடுத்து அனுப்புங்கள். அதேபோன்ற தவறு மற்றக் கடைகளிலும் இருக்கிறதா என்று அதைக் கொண்டுதான் எங்களால் தேட முடியும்.

இப்படிக்கு,
நிர்வாகப் பொறுப்பாளர்,
காரைக்குடி அலுவலகம்